பதினெட்டா, பத்தொன்பதா?

கணக்குத் தாளில் எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று விடைக்குறிப்பே சொல்லிவிடும். மூன்று பக்கம் எழுதிய இலக்கிய விடைக்கு?

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் இதற்குப் படிநிலை முறை இருக்கிறது. ஏக்யூஏ வாரியத்தின் ஆங்கில இலக்கியத் தாளில் ஷேக்ஸ்பியர் கேள்விக்கு 30 மதிப்பெண். அதை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், படிக்கு ஐந்து. முதல் படியில் மேலோட்டமான கருத்து போதும். நான்காவதில் தெளிவான புரிதல் வேண்டும், ஐந்தாவதில் சிந்தித்து விரித்த வாசிப்பு வேண்டும்.

'மேக்பெத்' நாடகத்தில் லேடி மேக்பெத்தின் வலிமை பற்றிய கேள்விக்கு ஒரு மாணவி எழுதியதாக வைத்துக்கொள்வோம். தீய ஆவிகளை அவள் அழைக்கும் காட்சியை மேற்கோளோடு தெளிவாக விளக்குகிறாள். அந்தக் காலத்தில் பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்ட மென்மையை அவள் ஏன் உதறுகிறாள் என்று ஒரு பத்தியில் ஆழமாகப் போகிறாள். தூக்கத்தில் நடந்து கைகழுவும் காட்சிக்கு வந்ததும் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறாள்.

திருத்துபவர் கீழ்ப் படியிலிருந்து தொடங்குகிறார். இந்த விடை இந்தப் படியைத் தாண்டுகிறதா என்று கேட்டபடியே மேலே வருகிறார். விடை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நான்காம் படிதான். ஒரு பத்தி ஐந்தைத் தொடுகிறது என்பதற்காக விடையை ஐந்துக்கு ஏற்ற முடியாது; கடைசிப் பகுதி தளர்ந்ததற்காக மூன்றுக்கு இறக்குவதும் தவறு. எழுத்துப்பிழை உறுத்தினாலும் அது படியைத் தொடாது. அதற்கென்று தனியாக 4 மதிப்பெண் உண்டு.

ஆக, 16 முதல் 20-க்குள். அதில் எது?

இங்கேதான் வாரியம் தரும் மாதிரி விடைகள் கைகொடுக்கின்றன. மூத்த தேர்வாளர்கள் 18 போட்ட நான்காம் படி விடை ஒன்று கையில் இருக்கிறது என்போம். அது ஒரே சீராகத் தெளிவாக இருக்கிறது, ஆனால் எந்த இடத்திலும் ஆழம் இல்லை. மாணவியின் விடையில் ஆழமான பத்தி இருப்பதால் அதைவிடச் சற்று மேல். கடைசிப் பகுதி வெறும் கதை ஆகிவிட்டதால் 20 வராது. 19 போடலாம்.

திருத்துபவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். சந்தேகம் வந்தால் படியின் நடு எண்ணைப் போட்டுவிட்டு நகரத் தோன்றும். அப்படியே போனால் 13, 18, 23 என்று மதிப்பெண்கள் குவியும். 16-க்கும் 20-க்கும் உரிய பிள்ளைகள் ஒரே எண்ணில் அடைபடுவார்கள். இன்னொரு தவறு, விடைக்குறிப்பில் உள்ள கருத்துகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக எண்ணி டிக் அடிப்பது. அவை உதாரணங்கள் மட்டுமே. குறிப்பில் இல்லாத நல்ல வாசிப்புக்கும் மதிப்பெண் உண்டு. முந்தைய தாள் மிகச் சிறப்பாக இருந்திருந்தால் அடுத்தது தேவையில்லாமல் மங்கித் தெரியும். அதனால் ஒப்பீடு எப்போதும் மாதிரி விடையோடுதான், பக்கத்துத் தாளோடு அல்ல.

திருத்துபவர்கள் இந்த அளவுகோலிலிருந்து விலகாமல் இருக்கிறார்களா என்று பார்க்க, திரையில் திருத்தும்போது ஏற்கெனவே மதிப்பெண் முடிவான விடைகளை இடையிடையே சொல்லாமல் கலந்துவிடுகிறார்கள். அனுமதித்த அளவைத் தாண்டி வித்தியாசம் தொடர்ந்தால், அந்தத் திருத்துபவருக்கு அந்தக் கேள்வியின் விடைகள் தருவது நிறுத்தப்படுகிறது. அவர் திருத்தியவை மீண்டும் பார்க்கப்படுகின்றன.