மொழிமூலக் கடிதம் எத்தனை கதவுகளைத் திறக்கும்?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தங்கைமார் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதாமலே போகலாமாமே, உண்மையா?" என்பதுதான் அது. முகவர் நிலையங்களின் விளம்பரப் பலகைகளிலும் இதே வாசகம் இருக்கிறது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்துக்கு ஆம், எந்த இடத்துக்கு இல்லை என்பதைத்தான் இன்று பிரித்துச் சொல்லப் போகிறேன். நான் வைத்தியர் என்பதால் பிரித்தானியாவையும் வைத்தியப் பட்டதாரிகளையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், வெளிநாடு செல்லும் ஒருவரின் ஆங்கிலத்தை மூன்று வெவ்வேறு இடங்கள் சோதிக்கின்றன. ஒன்று அனுமதி தரும் பல்கலைக்கழகம். இரண்டாவது வீசா தரும் அரசாங்கம். மூன்றாவது, அங்கே தொழில் செய்ய விரும்பினால், பதிவு தரும் தொழிற்சபை. இந்த மூன்றுக்கும் விதிகள் தனித்தனி. ஒன்று ஏற்றுக்கொண்டதை மற்றது ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நம் பிள்ளைகள் முதலாவது கதவு திறந்தவுடனே மற்ற இரண்டும் திறந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கையின் விடயத்தைச் சொல்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சியும் முடித்தவர். இங்கிலாந்தில் ஒரு வருடப் பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். அந்தப் பல்கலைக்கழகம் ஐ.ஈ.எல்.ரி.எஸ்.ஸில் 6.5 கேட்டது. ஆனால் அதே பக்கத்தின் கீழே, அண்மையில் முடித்த பட்டம் முழுவதும் ஆங்கில மொழிமூலமாக இருந்தால் அதற்கான கடிதத்தைத் தரலாம் என்றும் இருந்தது. எங்கள் மருத்துவ பீடங்களில் கற்பித்தலும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். ஆகவே இவர் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் கடிதத்தைத் தனக்குக் கற்பித்த துறைத் தலைவரிடம் வாங்கி அனுப்பினார். அது திரும்பி வந்தது. காரணங்கள் மூன்று. கடிதத்தில் "ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. பரீட்சையும் ஆங்கிலத்தில் நடந்தது என்ற சொல் இல்லை. கற்பித்தது ஆங்கிலத்திலும் விடை எழுதியது வேறு மொழியிலுமாக இருக்கக்கூடிய நாடுகள் உண்டு என்பதால், இரண்டையும் தனித்தனியே சொல்லும்படி கேட்கிறார்கள். அடுத்தது, கையொப்பமிட்டவர் பதிவாளர் அல்ல. சரிபார்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தின் உத்தியோகபூர்வ மின்னஞ்சல் முகவரியும் அதில் இல்லை. மூன்றாவது, பெயர். பட்டச் சான்றிதழில் தகப்பனாரின் பெயர் முதலெழுத்தாக இருந்தது. கடவுச்சீட்டில் அதே பெயர் முழுமையாக இருந்தது. நமக்கு இரண்டும் ஒருவரே. அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு ஆட்கள்.

பெயர் விடயத்தைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு எப்போதும் வருகின்ற சிக்கல். திருமணத்தின் பின் கடவுச்சீட்டில் கணவரின் பெயர் சேர்ந்திருக்கும். பட்டம் பழைய பெயரிலேயே இருக்கும். கடிதம் கேட்கும்போதே, பட்டத்தில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் இரண்டையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று குறிப்பிடும்படி பதிவாளர் அலுவலகத்தைக் கேளுங்கள். விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டாவது முறை அவர் வாங்கிய கடிதம் பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளில் இருந்தது. முழுப் பெயர், பதிவு இலக்கம், பட்டத்தின் பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கற்பித்தலும் பரீட்சையும் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தன என்ற வசனம், பதிவாளரின் கையொப்பம், பதவி, முத்திரை, திகதி, மின்னஞ்சல் எல்லாம் இருந்தன. அது ஏற்கப்பட்டது. முதல் கதவு திறந்தது.

இரண்டாவது கதவு வீசா. பிரித்தானியாவில் பட்ட நிலையிலோ அதற்கு மேலோ படிக்கச் செல்பவருக்கு, பல்கலைக்கழகமே மாணவரின் ஆங்கிலத்தை மதிப்பிடலாம் என்று மாணவர் வீசா விதி இடம் தருகிறது. வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கிலும் பீ2 என்ற மட்டம் இருக்க வேண்டும். எப்படி மதிப்பிட்டோம் என்பதைப் பல்கலைக்கழகம் வீசாவுக்கு அனுப்பும் அனுமதிப் பதிவில் குறிப்பிடும். இவருக்கு அப்படியே நடந்தது, வீசாவும் கிடைத்தது. ஆனால் பட்டத்துக்குக் கீழான படிப்புக்கோ, பட்டப்படிப்புக்கு முன்னதான ஆங்கில வகுப்புக்கோ போகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் பிரித்தானிய அரசு அங்கீகரித்த பாதுகாப்பான பரீட்சை ஒன்றை, அங்கீகரித்த நிலையத்துக்கு நேரில் போய் எழுதியே ஆக வேண்டும். "ஐ.ஈ.எல்.ரி.எஸ். தேவையில்லை" என்ற விளம்பரத்தில் இந்த வேறுபாடு எழுதப்பட்டிருப்பதில்லை.

மூன்றாவது கதவில்தான் அவர் நின்றார். படிப்பின் நடுவில், அங்கேயே வைத்தியராகப் பதிவு செய்ய விரும்பினார். அதற்கு ஜீ.எம்.சி. எனப்படும் பொது மருத்துவ சபையிடம் போக வேண்டும். பிளாப் பரீட்சைக்குப் பதியும் முன்னரே அந்தச் சபை ஆங்கிலச் சான்றைக் கேட்கும். ஆங்கில மொழிமூலப் பட்டத்தை அந்தச் சபையும் ஏற்கிறது. ஆனால் பட்டம் அண்மையில் பெற்றதாக இருக்க வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. படிப்பின்போது நோயாளருடனும் அவர்களின் உறவினருடனும் ஏனைய சுகாதாரப் பணியாளருடனும் நடந்த தொடர்பாடலில் குறைந்தது 75 வீதம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்கும்போது இங்கே இருக்கும் வைத்தியர்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் விரிவுரை ஆங்கிலம், பாடநூல் ஆங்கிலம், நோயாளர் குறிப்பேடும் ஆங்கிலம். ஆனால் வார்ட்டில் கட்டிலருகே நின்று "அம்மா, நெஞ்சுநோ எப்போதிருந்து? கைக்கும் இழுக்குதா?" என்று தமிழில்தான் கேட்டோம், தெற்கில் படித்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். நோயாளியின் மொழியில் பேசியது எங்கள் குறை அல்ல, எங்கள் கடமை. என்றாலும் இந்த 75 வீதத்தை எந்தப் பதிவாளரும் மனச்சாட்சியோடு எழுதித் தர முடியாது. ஆகவே அந்தக் கடிதம் அங்கே பயன்படவில்லை. சபை ஏற்பது இரண்டு பரீட்சைகளை: ஐ.ஈ.எல்.ரி.எஸ். கல்விப் பிரிவில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7, அல்லது ஓ.ஈ.ரி. என்ற மருத்துவ ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதிகளிலும் பீ தரம். அவர் முதுமாணி ஆய்வறிக்கை எழுதும் மாதங்களில் ஓ.ஈ.ரி.க்கும் படிக்க வேண்டியதாயிற்று. புறப்படுமுன் ஐ.ஈ.எல்.ரி.எஸ்.ஸை ஒரு முறை எழுதி 7.5 எடுத்திருந்தால் பல்கலைக்கழகம், சபை இரண்டுக்கும் அந்த ஒரே பெறுபேறு உதவியிருக்கும். அது இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும்.

இனி, மொழிமூலக் கடிதம் வாங்க முடியாதவர்களுக்கு வருவோம். கலைப்பீடத்தில் தமிழில் படித்தவருக்கு இந்தக் கடிதம் கிடையாது. ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்ததும், உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தில் சித்தி பெற்றதும் மொழிமூலம் ஆகாது. பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் சென்றவரின் கடிதத்தையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஏற்கும் கால எல்லை இடத்துக்கு இடம் வேறுபடும். இவர்கள் டுவோலிங்கோ போன்ற வீட்டிலிருந்து எழுதும் இணையவழிப் பரீட்சைகளைப் பார்க்கலாம். அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பரீட்சை, 10 முதல் 160 வரை புள்ளி, பெறுபேறு ஓரிரு நாளில் வரும், கட்டணமும் குறைவு.

அதில் தவறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தால் அல்ல. கமெராவும் ஒலிவாங்கியும் முழு நேரமும் பதிவு செய்யும். அறைக்குள் இன்னொருவர் வந்தாலோ, கண் திரையை விட்டு அடிக்கடி விலகினாலோ, காதில் எதையாவது மாட்டியிருந்தாலோ பெறுபேறு தரப்படாமல் போகலாம். மின்சாரமோ இணையமோ இடையில் நின்றாலும் பரீட்சை தடைப்படும். கதவைப் பூட்டி, வீட்டாருக்குச் சொல்லி, மின்தடை இல்லாத நேரம் பார்த்து உட்காருங்கள்.

இந்தப் பரீட்சைக்கும் அதே மூன்று கதவுகள்தான். அவுஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்து எழுதிய பரீட்சையை அனுமதிக்கு ஏற்கின்றன. ஆனால் மாணவர் வீசாவுக்கு ஆங்கிலப் பெறுபேறு காட்ட வேண்டி வந்தால், அந்நாட்டு அரசு அதை ஏற்பதில்லை. நிலையத்துக்குப் போய் எழுதியதே வேண்டும். நிலையத்தில் கணினி முன் இருந்து எழுதுவதும் வீட்டில் கணினி முன் இருந்து எழுதுவதும் அவர்களுக்கு ஒன்றல்ல. வைத்தியருக்கு ஜீ.எம்.சி.யும் டுவோலிங்கோவை ஏற்பதில்லை.

ஆகவே கடைசிக் கதவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புவதே எண்ணமானால், பல்கலைக்கழகத்தையும் வீசாவையும் மட்டும் பாருங்கள். கடிதமோ இணையவழிப் பரீட்சையோ போதுமாக இருக்கலாம். அங்கே தொழில் செய்யும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், தொழிற்சபையின் விதியை முதலில் வாசியுங்கள். பிறகு பல்கலைக்கழக அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: என் நாட்டுப் பட்டத்துக்கு மொழிமூலக் கடிதத்தை ஏற்பீர்களா, பட்டம் எத்தனை ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், நான் கேட்கும் இந்தப் பாடநெறிக்கும் அது பொருந்துமா? மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரே பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவத்துக்கு ஏற்பதைத் தாதியியலுக்கு ஏற்காமல் விடுவார்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முகவரின் வாய்ச்சொல்லை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

முகவர் "கடிதத்தை நாங்களே ஒழுங்கு செய்கிறோம்" என்று சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் பதிவாளருக்கு எழுதிச் சரிபார்க்கின்றன. போலி ஆவணம் கொடுத்து வீசா மறுக்கப்பட்டால், பிரித்தானியா 10 ஆண்டுகள் வரை அவருடைய விண்ணப்பங்களை நிராகரிக்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பத்துக்கு அந்தப் பத்து ஆண்டும் திரும்பி வராது.