t = 1-இல் y என்ன ஆச்சு?

இன்னைக்கு காலேஜ் இரண்டாம் வருஷத்துல நான் சொதப்பின ஒரு கணக்கு. இன்டர்னல் டெஸ்ட்ல கேட்டது இதுதான்: y′ + y = y², y(0) = ½, y(1) என்ன? அவசரத்துல ½-ஐ 2-ன்னு காப்பி பண்ணிட்டேன். பதில் −2.78 வந்தது. சார் மார்ஜின்ல சிவப்பு மையில "y = 0?"ன்னு மட்டும் எழுதியிருந்தார்.

இது பெர்னோலி சமன்பாடு. யாக்கோப் பெர்னோலி 1695-ல முன்வைச்சது. அடுத்த வருஷமே லைப்னிட்ஸ் ஒரு பிரதியீட்டால நேரியல் ஆக்கினார். தொந்தரவு அந்த y²-தான். அதனால முழுக்க y²-ஆல வகுக்கறோம்:

y⁻²y′ + y⁻¹ = 1

இப்போ u = 1/y-ன்னு வைங்க. u-வை வகையிட்டா −y⁻²y′ வரும். அதாவது முதல் உறுப்பு ஏற்கெனவே −u′ தான். கிடைக்கறது u′ − u = −1, சாதாரண நேரியல் சமன்பாடு. (அந்த மைனஸை விட்டுடாதீங்க, பாதிப் பேர் வழுக்கற இடம் அது.) தீர்வு u = 1 + Ceᵗ. தொடக்க மதிப்பையும் u-வுக்கு மாத்தணும்: y = ½-ன்னா u = 2, C = 1. ஆக y = 1/(1 + eᵗ), y(1) சுமார் 0.27. கேள்விக்குச் சரியான பதில் இது.

என் கணக்குல y(0) = 2. அப்போ u = ½, C = −½, y = 2/(2 − eᵗ). t = 1 போட்டா −2.78. அல்ஜீப்ரால ஒரு தப்பும் இல்லை! அதுதான் கடுப்பு.

சார் கேட்டது என்னன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. y²-ஆல வகுத்தப்போ y பூஜ்யம் இல்லைன்னு நாம சத்தமில்லாம ஒத்துக்கிட்டோம். ஆனா y = 0-ங்கறதும் அசல் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு; போட்டுப் பாருங்க. C-க்கு எந்த மதிப்பு குடுத்தாலும் அது திரும்பக் கிடைக்காது. இந்தச் சமன்பாட்டுல ரெண்டு வேற வேற தீர்வுகள் ஒண்ணையொண்ணு தொடவும் முடியாது. அப்போ y = 0 ஒரு சுவர் மாதிரி. 2-ல கிளம்பினது சுவரைத் தாண்டி −2.78-க்கு எப்படிப் போச்சு?

போகலை. t = ln 2, அதாவது சுமார் 0.69-ல eᵗ = 2, பகுதி பூஜ்யம், y முடிவிலிக்குப் பறந்துடுச்சு. தீர்வு அங்கேயே முடிஞ்சது. t = 1-ல y-ன்னு ஒண்ணே கிடையாது.

இதுல ஏமாத்தறது u-தான். அது 0.69-ல சாதுவா பூஜ்யத்தைக் கடந்து மைனஸுக்குப் போகும், ஒரு சலனமும் இருக்காது. கோடுல u-வை ஓட்டிட்டு கடைசியில 1/u எடுத்தா எர்ரர் வராது, அழகா ஒரு தப்பான நம்பர் வரும். அதனால ஒவ்வொரு ஸ்டெப்லயும் u-வோட குறி மாறுதான்னு ஒரு வரி செக் போட்டுடறேன். மாறினா அங்கேயே லூப்பை நிறுத்திடுவேன்.