விடுப்பு முடிந்து வருபவரை வரவேற்றல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியரை முதல் நாள் எப்படி எதிர்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். நம் ஊரில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

வெளியூரில் "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டால் அது சாதாரண விசாரிப்பு. வேலூர், ஆம்பூர் பக்கம் அப்படியில்லை. 1955இல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை வந்த பிறகு, "கரிகிரிக்குப் போனார்" என்று சொன்னாலே போதும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றாகிவிட்டது. இன்றும் சி.எம்.சி.யா, அடுக்கம்பாறையா, எந்தக் கட்டடம், எந்த டாக்டர் என்று நான்கு கேள்வி கேட்டால் நோய் தெரிந்துவிடும். நம் ஒவ்வொருவருக்கும் அங்கே வேலை செய்யும் உறவினர் ஒருவராவது இருப்பார். ஆகவே "எங்கே காட்டினீங்க?" என்பது நம் ஊரில் "உங்களுக்கு என்ன நோய்?" என்பதேதான். கேட்பவர் அப்படி நினைக்காமல் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவருக்கு அது தெரியும்.

அடுத்தது காகிதம். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு எடுத்தவர், பணியில் சேரும்போது உடற்தகுதிச் சான்று தர வேண்டும். விடுப்புக்குக் கொடுத்த சான்றில் பெரும்பாலும் நோயின் பெயரும் இருக்கும். இவை தலைமையாசிரியர் கையிலிருந்து கோப்புக்குப் போக வேண்டியவை. நடுவில் ஆசிரியர் அறை மேசையில் அரை மணி நேரம் கிடந்தால் போதும், மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உறையில் வாங்கி உறையிலேயே வைப்பது பெரிய காரியமில்லை. தகுதிச் சான்று என்றால், இவர் வகுப்புக்குப் போகலாம் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். அதன் பிறகு அவர் டம்ளரைத் தனியாக வைப்பதற்கு நமக்கு வேலையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு ஆசிரியை ஒருவர் ஐந்து மாதம் கழித்து வந்தார். என்ன நோய் என்று நான் சொல்லப்போவதில்லை, கேட்டதும் இல்லை. அவர் வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முதல் ஒரு மாசம் எந்தப் பீரியட் இல்லாம இருந்தா உங்களுக்குச் சௌகரியம்மா?" காரணம் கேட்கவில்லை. அவர் கடைசி இரண்டு பாடவேளைகளையும் மாடி வகுப்பையும் சொன்னார். கால அட்டவணை மாறியது. அறிவிப்புப் பலகையில் எல்லாருக்குமான புதிய அட்டவணையாகவே ஒட்டினார்கள். அவர் பெயருக்கு நேரே குறிப்பு எதுவும் இல்லை.

பிள்ளைகளிடம் "டீச்சர் திங்கட்கிழமை வர்றாங்க, விடுப்புல இருந்தாங்க" என்று மட்டும் சொல்லப்பட்டது. ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கேட்டருகே நின்று கேட்பார்கள் அல்லவா, அவர்களுக்கும் அதே பதில்தான். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால்தான் கதை வளரும்.

திங்கட்கிழமை மாலை, இனிப்பு எதுவும் இல்லை. (ஒருவர் சால்வை வாங்கி வந்திருந்தார். அதைப் பையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். நல்லதாயிற்று.) அவர் இடத்துக்குப் பதில் பாடம் எடுத்தவர் எழுந்து, "வாங்கக்கா, உங்க டேபிள் அப்படியே இருக்கு. எட்டாம் வகுப்புல இயற்கணிதம் பாதியில நிக்குது, இந்த நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்" என்றார். வரவேற்பு அவ்வளவுதான். வந்தவருக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது. "எந்தக் கணக்குல நிறுத்தின?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

பேசாமல் இருப்பதும் தவறாகப் போகும். அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றால், தன்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நினைப்பார். "இளைச்சிட்டீங்க", "முகம் தெளிஞ்சிருக்கு" இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே உடம்பைப் பார்த்துச் சொல்வது. குரலைத் தாழ்த்தி "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதைவிட, வழக்கமான குரலில் கேட்டுவிட்டு, "இருக்கேன்" என்றதும் வேறு பேச்சுக்குப் போய்விடலாம். கையிலிருக்கும் நோட்டுக் கட்டைக் கேட்காமல் பிடுங்கித் தூக்குவதும், சாப்பாட்டு டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் அன்பினால்தான். ஆனாலும் நாள் முழுக்க யாரோ கணக்கெடுப்பது போலத் தோன்றும்.

தவறாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? அவர் மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, மதியம் வகுப்பறையிலேயே சாப்பிட்டு, "மாத்திரை போட்டுட்டு வர்றேன்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லத் தொடங்கினால், அறை அவருக்கு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அப்போது எல்லாரும் போய் விசாரிக்கக் கூடாது. அவருக்கு மிக நெருக்கமான ஒருவர் பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தால் போதும்; அவராகச் சொன்னால் கேட்கலாம், கேட்டது அந்த ஒருவரோடு நிற்க வேண்டும்.

அந்தக் கணக்கு ஆசிரியை ஐந்தாவது வாரத்தில் கடைசிப் பாடவேளையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாடி வகுப்பு மட்டும் அந்த ஆண்டு முழுவதும் கீழேயே நடந்தது.