டெமோ கிளாஸுக்குப் பிறகு ஒரு கடிதம்



தனியார் பள்ளியில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு டெமோ கிளாஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வகுப்பைக் காட்டி, ஒரு தலைப்பைக் கொடுத்து, இருபது நிமிடமோ ஒரு முழு பீரியடோ பாடம் நடத்தச் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் முதல்வர், ஒருங்கிணைப்பாளர், அந்தப் பாடத்தின் மூத்த ஆசிரியர் என்று இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அதன் பிறகு ஆசிரியர் பள்ளிக்கு எழுதும் கடிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கணித ஆசிரியராக அந்தக் கடைசி பெஞ்சில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி வந்த கடிதங்களைப் படித்தும் இருக்கிறேன்.

பெரும்பாலான கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. வாய்ப்புக்கு நன்றி, மாணவர்கள் மிக ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், தங்கள் பள்ளியில் பணியாற்ற ஆவலாக இருக்கிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுத வகுப்புக்குள் போயிருக்கவே வேண்டாம். மாணவர்கள் ஆர்வமாக இருந்தார்கள் என்பதற்கு எழுதியவர் வைத்திருக்கும் ஆதாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: "புரிஞ்சுதா?" என்று கேட்டார், "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே பாடியது. முதல்வர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்த வகுப்பும் அப்படித்தான் பாடும். அந்தக் கோரஸை வைத்து ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடம் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது.

ஒரு பிள்ளை சொன்ன ஒரு பதிலை, சொன்னபடியே காதில் வாங்கி, அதற்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் இந்தக் கடிதத்தின் கலை. அப்படி ஒரு கடிதத்தை விரிவாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

ஏழாம் வகுப்பு. தலைப்பு தசம எண்களை ஒப்பிடுதல். வந்திருந்த ஆசிரியை கரும்பலகையில் 0.8, 0.35 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்தக் காத்திருத்தலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளையும் பேசுகிறது. டெமோவில் ஆசிரியருக்குப் பதற்றம். அந்த மூன்று விநாடி மூன்று நிமிடம் போலத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்கிறவருக்குத்தான் கடிதத்தில் எழுத ஏதாவது கிடைக்கும்.

இந்த ஆசிரியைக்குக் கிடைத்தது. சிலர் 0.35 என்றார்கள், சிலர் 0.8 என்றார்கள். அப்போது ஒரு பையன் எழுந்து, "மிஸ், கிரிக்கெட்ல 4.5-க்கு அப்புறம் 4.6, உடனே அஞ்சாவது ஓவர் முடிஞ்சுரும். அப்போ 4.8-னு ஒண்ணு எப்படி வரும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, இதுக்கு நான் வர்றேன்" என்று சொல்லி, பலகையின் ஓரத்தில் 4.6 என்று எழுதி வட்டம் போட்டு வைத்தார். நேரம் போதாமல் அந்த வட்டத்துக்குத் திரும்ப முடியவில்லை.

கடைசி மூன்று நிமிடத்தில் இன்னொன்று செய்தார். அரைத் தாள் கிழித்துக்கொள்ளச் சொல்லி இரண்டே கேள்வி கொடுத்தார். முதல் கேள்வி, 0.8, 0.35 இவற்றில் பெரியது எது? இரண்டாவது, 0.4, 0.62 இவற்றில் பெரியது எது? பெயர் எழுத வேண்டாம் என்றார்.

அன்று மாலையே கடிதம் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட இல்லை. நன்றி ஒரே வரி. அடுத்து நேராகத் தாள்களுக்கு வந்தார். முப்பத்துநான்கு தாளில் பத்தொன்பதில் இரண்டுமே சரி. ஒன்பது பேர் முதல் கேள்வியைத் தவறாகவும் இரண்டாவதைச் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் அதற்கு நேர்மாறு. ஒருவருக்கு இரண்டும் தவறு. மதிப்பெண் போட்டால் அந்த ஒன்பது பேருக்கும் ஐந்து பேருக்கும் ஒரே மார்க்தான், இரண்டுக்கு ஒன்று. ஆனால் இவர்கள் இரு வேறு கூட்டம் என்று அவர் எழுதியிருந்தார்.

ஒன்பது பேரும் புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறார்கள். எட்டைவிட முப்பத்தைந்து பெரிது, ஆகவே 0.35 பெரிது. இரண்டாவது கேள்வியிலும் அதே வழியில் போய், நான்கைவிட அறுபத்திரண்டு பெரிது என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே விடை தற்செயலாகச் சரியாகிவிட்டது. "சைபர் பாயிண்ட் முப்பத்தஞ்சு" என்று வாயால் படிக்கும் பழக்கம் இந்தப் பிழைக்கு உரம். ஐந்து பேரின் கதை வேறு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம் உள்ள எண்தான் எப்போதும் பெரியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 0.8 என்று சரியாகச் சொன்னவர்களுக்குள் இவர்களும் இருந்தார்கள். வாய்மொழியாகக் கேட்டதோடு நிறுத்தியிருந்தால் இந்த ஐவரும் புரிந்தவர்கள் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் பிள்ளைகள் தசம எண்ணை எப்படியெல்லாம் தவறாகப் படிக்கிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள். நீளமானது பெரியது, குட்டையானது பெரியது என்ற இந்த இரண்டு வகையும் அவர்கள் ஆய்வில் உண்டு. அந்த ஆசிரியை அதைப் படித்திருந்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. எந்த இரண்டு ஜோடி எண்ணைக் கொடுத்தால் இந்த இரண்டு கூட்டமும் பிரிந்து தெரியும் என்று அவர் முன்கூட்டியே யோசித்து வந்திருந்தார். டெமோவுக்குப் பிறகு எழுத வேண்டிய கடிதம் டெமோவுக்கு முன்பே தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு அந்த 4.6. வகுப்பில் விட்டுப்போன கேள்விக்கு அவர் கடிதத்தில் திரும்பி வந்தார். ஓவர் கணக்கில் வரும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அங்கே பத்துக்குப் பதில் ஆறு. 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும், அதாவது நாலரை ஓவர். தசமத்தில் அது 4.5. அந்த நேரத்தில் ஓர் அணி 36 ரன் எடுத்திருந்தால் ரன் ரேட் 36-ஐ 4.5-ஆல் வகுக்க எட்டு. அப்படியே 4.3-ஆல் வகுத்தால் எட்டே காலுக்கு மேல் வந்துவிடும். மறுநாள் வகுப்பு கிடைத்தால் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவேன், கேட்ட மாணவரையே பலகைக்கு அழைப்பேன் என்று எழுதியிருந்தார். தாளில் பெயர் இல்லாததால் வகுப்பு முழுவதற்கும், எண்ணுக்கு ஒன்றாக, நூறு கட்டமுள்ள சதுரத்தாள்கள். 0.8-க்கு எட்டு வரிசை முழுக்க வண்ணம், 0.35-க்கு மூன்று வரிசையும் ஐந்து கட்டமும். அடுத்த ஜோடியில் 0.4-க்கு நான்கு வரிசை, 0.62-க்கு ஆறு வரிசையும் இரண்டு கட்டமும். ஒரே வகைத் தாள் இரண்டு பிழைக்கும் மருந்து: முதல் ஜோடி ஒரு கூட்டத்தின் பிழையைத் திருத்தும், இரண்டாம் ஜோடி மற்றதன் பிழையை.

இந்தக் கடிதத்தில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். "மாணவர்களுக்கு அடிப்படை இல்லை" என்ற வாக்கியம் இல்லை. தன் திறமையைக் காட்டும் ஆசையில் பலர் இதை எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை பாடம் எடுத்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியராகவே இருக்கலாம். அவரைக் காயப்படுத்துவது ஒரு பக்கம். அந்தக் கூற்றே தவறு என்பதுதான் பெரிது. இருபது நிமிடத்தில் ஓர் ஆண்டின் கற்பித்தலை எடைபோட முடியாது. பிள்ளையின் பெயரும் கடிதத்தில் இல்லை. தவறான விடை சொன்ன பிள்ளையின் பெயர் முதல்வர் கைக்குப் போனால் மறுநாள் என்ன நடக்கும் என்று நம் பள்ளிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். தாள்களையும் அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அங்கேயே எண்ணிவிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டார். எழுத்து பிள்ளைகளுடையது, பள்ளிக்குச் சொந்தமானது என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது.

எல்லா டெமோவுக்கும் இப்படி எழுத வாய்க்காது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பிள்ளைகள் விடுமுறையில் போயிருப்பார்கள். ஆசிரியர்களே பெஞ்சில் உட்கார்ந்து மாணவராக நடிப்பார்கள். அங்கே மாணவர் எப்படிப் பதில் தந்தார்கள் என்று எழுதுவது வெறும் கற்பனை. அந்தச் சமயம் நேர்மையாக, பிள்ளைகள் இருந்திருந்தால் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று நினைத்தேன், எந்தக் கேள்வியால் அதைக் கண்டுபிடித்திருப்பேன் என்று எழுதலாம். டியூஷனில் பாடத்தை முடித்துவிட்ட வகுப்பும் உண்டு. கேள்வி முடியும் முன் விடை வரும். அதைத் தன் கற்பித்தலின் பலனாக எழுதக் கூடாது. ஏன் என்று கேட்டபோது எத்தனை பேர் பேசினார்கள் என்பதைத்தான் எழுத வேண்டும்.

பாடம் மோசமாகப் போயிருந்தால் கடிதம் அதைத் தூக்கி நிறுத்தாது. சம்பளமும் வகுப்புக் கட்டுப்பாடும் ஆங்கிலப் பேச்சும் தீர்மானிக்கிற வேலையைக் கடிதம் மட்டும் வாங்கித் தந்துவிடாது. ஆனால் இரண்டு பேர் சமமாக நிற்கும்போது, எங்கள் மேசையில் அது எடை கூட்டியிருக்கிறது. அந்த ஆசிரியையின் கடிதத்தைப் படித்ததும் ஒருங்கிணைப்பாளர் செய்த முதல் காரியம் அவருக்குப் போன் போட்டது. எப்போது சேர முடியும் என்று கேட்கவில்லை. இரண்டும் தவறாக எழுதிய அந்த ஒரு தாளைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்டார். "அது எனக்குப் புரியல மேடம். அந்தப் பிள்ளைகிட்ட உட்கார்ந்து கேட்டாத்தான் தெரியும்" என்றார் அவர். ஜூன் மாதம் ஏழாம் வகுப்பு கணக்கு அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது.