போனில் வந்த மெசேஜும் அம்மாவின் மூன்று பணமும்

(மாவட்டத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு தம்பி வந்தார். கொழும்பில் கடையில் வேலை. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், வயது ஐம்பத்தைந்து, போன வருஷம் பேர் வெட்டியாகிவிட்டது. அம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்திருந்தது:

```
Rs. 1,142,350.75 credited to A/C ****4417. Avl Bal Rs. 1,145,862.10
```

தம்பி அம்மாவுக்குச் சொன்ன விளக்கம் இது: "ரெண்டு பணம் வந்திருக்கு அம்மா. ஒண்ணு ஈ.பி.எஃப், மத்தது ஈ.டி.எஃப். எல்லாம் முடிஞ்சது." அம்மாவும் நம்பிவிட்டார். இரண்டு தொகை இருக்கிறதே, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வந்தது ஒரே பணம். அந்தத் தப்பான விளக்கத்தோடு நின்றிருந்தால், அம்மா ஈ.டி.எஃபுக்கு மனுவே போட்டிருக்க மாட்டார்.

அந்த மெசேஜை நாங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது போலவே இங்கேயும் சொல்கிறோம். வீட்டில் அம்மா அப்பாவுக்கு நீங்களும் இப்படியே சொல்லலாம்.

credited என்றால் கணக்கில் வரவு வைத்தாயிற்று என்று அர்த்தம். பக்கத்தில் உள்ள தொகைதான் இப்போது வந்த பணம். A/C 4417 என்பது அம்மாவின் கணக்கு இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கம். வங்கிப் புத்தகத்தை எடுத்து ஒத்துப் பாருங்கள். Avl Bal என்பது கணக்கில் இப்போது மொத்தமாக உள்ள மீதி. அம்மாவின் கணக்கில் ஏற்கனவே 3,511 ரூபாய் 35 சதம் கிடந்தது. வந்த பணத்தோடு அதைக் கூட்டினால் இரண்டாவது தொகை சரியாக வரும். வேறு பணம் எதுவும் அதில் இல்லை.

மெசேஜில் ஈ.பி.எஃப் என்ற பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வங்கிக்குப் போய் புத்தகத்தைப் பதிந்து, பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தொழில் அலுவலகத்தில் கே படிவம் கொடுத்தோம். அங்கே சரி பார்த்த பிறகு மத்திய வங்கிதான் பணத்தை அனுப்புகிறது. ஆகவே வந்தது அந்தப் பணம்தானா என்று வங்கியில் தெரிந்துவிடும்.

அந்த அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மாசா மாசம் இப்படி வருமா?" என்பதுதான். வராது. ஊழியர் சேமலாப நிதி என்பது ஒரே தடவையில் கிடைக்கும் சேமிப்பு. அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியம் போல மாதாமாதம் வருவது இல்லை. பெற்றோருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த மாதமும் வரும் என்ற நினைப்பில் இந்த மாதமே செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

இனி அந்த மெசேஜில் இல்லாத பணத்துக்கு வருவோம்.

நாட்சம்பளம் 1,000 ரூபாய், மாதத்தில் 22 பேர் என்று கணக்குப் பாருங்கள். சம்பளம் 22,000. அதில் நூற்றுக்கு எட்டு, அதாவது 1,760 ரூபாய், நமது சம்பளத்தில் வெட்டுகிறார்கள். தோட்டம் தன் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு, 2,640 ரூபாய், போட வேண்டும். இரண்டும் சேர்ந்த 4,400 ரூபாய்தான் ஈ.பி.எஃப். இது போக, தோட்டம் இன்னும் நூற்றுக்கு மூன்று, 660 ரூபாய், கட்ட வேண்டும். அதுதான் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, ஈ.டி.எஃப். இதற்கு நமது சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. சம்பளச் சீட்டில் வெட்டாக வராததால்தான் பலருக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே ஞாபகம் வருவதில்லை. அதை நடத்துவது வேறு சபை, அதற்கு வேறு மனு. ஈ.பி.எஃப் வந்தால் ஈ.டி.எஃப் தானாக வராது.

மூன்றாவது, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷம் முடித்த தொழிலாளிக்கு இது உரிமை. நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பள வீதத்தில் பதினான்கு நாள் சம்பளம். பத்து வருஷம் என்றால் 140 நாள் சம்பளம். இதைத் தருவது தோட்ட நிர்வாகம், வேலை முடிந்து முப்பது நாளுக்குள். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஆக, வேலை முடிந்த ஒருவருக்கு மூன்று இடத்திலிருந்து மூன்று பணம் வர வேண்டும். ஒரு மெசேஜ் வந்தால் மற்ற இரண்டும் வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. இதை நம் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த அம்மாவிடம், "கல்யாணத்துக்கு முன்னே எந்தத் தோட்டத்தில் வேலை?" என்று கேட்டோம். பிறந்த தோட்டத்தில் 1988இலிருந்து ஆறு வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறார். பிறகு கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தார். தோட்டம் வேறானால் தொழில் கொள்வோர் இலக்கம் வேறு, அங்கத்துவ இலக்கமும் வேறு. அவருடைய கே படிவத்தில் இந்தத் தோட்டத்து இலக்கம் மட்டும்தான் எழுதியிருந்தது. அந்தப் பதினொரு இலட்சமும் அந்த ஒரு இலக்கத்துக்கு உரியது.

பழைய இலக்கத்துப் பணம் அழிந்து போவதில்லை. எடுக்கும் வரை வட்டியோடு கிடக்கும். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையை விடும் பெண்கள் பணத்தை எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அன்றைக்கு எடுத்துவிட்டார்களா? அந்த அம்மா எடுக்கவில்லை. தகரப் பெட்டியில் பழைய பி அட்டை இருந்தது. ஆனால் அதில் பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. செக்ரோலில் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பேர்! இரண்டு பேரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, பழைய இலக்கத்தைக் காட்டித் தொழில் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது. ஈ.டி.எஃப் மனுவும் போட்டாயிற்று.

1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது இலக்கம் மாறியவர்கள் இருந்தால், அவர்களும் இதே மாதிரி இரண்டு இலக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பணம் வந்த சங்கதி லயத்தில் பரவ ஒரு நாள் போதும். "பணத்தை விடுவிக்க போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க" என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். credited என்று வந்த பணம் ஏற்கனவே கணக்கில் இருக்கிறது, அதை விடுவிக்க யாரும் தேவையில்லை. ஏ.டி.எம். அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பேரப் பிள்ளைக்குக்கூட எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தலைவர்மாரிடம் கேட்பது இதுதான். உங்கள் தோட்டத்தில் இரண்டு வருஷத்துக்குள் பேர் வெட்டியவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரே மூன்று கோடு போடுங்கள்: ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப், சேவைக்காலப் பணம். கல்யாணம் கட்டி வந்தவர் என்றால் நான்காவதாகப் பிறந்த தோட்டத்தின் பேரை எழுதுங்கள். அடையாள அட்டை, பி அட்டை, பழைய சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், அந்த மெசேஜ் உள்ள போன் ஆகியவற்றோடு அவர்களைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.