சுவர்த் தடிப்பும் கொழுப்புக் கலக்கமும்



வயிறு என்றவுடன் நமக்கு இரைப்பையும் குடலும் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்கு இடையே மெத்தை போலப் பரந்து கிடக்கும் கொழுப்பை நாம் நினைப்பதில்லை. ஆயினும், வயிற்று நோவுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தை ஆராயும் மருத்துவர், சில வேளைகளில் குடலைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த கொழுப்பையே உற்று நோக்குகிறார். அதன் காரணத்தை ஒருவருக்கு நேர்ந்த நோயைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

அவர் என் அண்டை வீட்டுக்காரர், அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 61. சில ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். மூன்று நாட்களாக அவருக்கு இடப்பக்க அடிவயிற்றில் நோவு இருந்தது. அது இடம் மாறாமல் நின்றது. இருமினாலும், நடந்தாலும், அவ்விடத்தை அழுத்தினாலும் மிகுந்தது. காய்ச்சல் 100.8 டிகிரி. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 14,000. பெரும்பாலும் இவ்வெண் 11,000ஐத் தாண்டுவதில்லை. உள்ளே எங்கோ அழற்சி இருக்கிறது என்பதை இவை காட்டின. இடமும் தன்மையும் அறியச் சி.டி. படம் எடுத்தார்கள்.

அறிக்கையில் இரண்டு செய்திகள் இருந்தன. சிக்மாய்டு என்னும் பெருங்குடற் பகுதியின் சுவர் தடித்துள்ளது என்பது ஒன்று. அதைச் சூழ்ந்த கொழுப்பில் இழையோட்டம் காணப்படுகிறது என்பது மற்றொன்று. முடிவாக ‘டைவர்ட்டிகுலைட்டிஸ்’ என்று எழுதியிருந்தது. நண்பர் அதைப் படித்துவிட்டுக் கலங்கினார். “சுவர் தடித்திருக்கிறது என்றால் புற்றுநோய்தானே? நானோ மெலிந்தவன், எனக்குக் கொழுப்பு ஏது?” என்று என்னைக் கேட்டார். அறுவை மருத்துவரிடம் அவர் சென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கே படத்தைத் திரையில் காட்டி மருத்துவர் விளக்கியவற்றையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். பெருங்குடலின் சுவரில் உட்புறம் மெல்லிய சவ்வும், அதற்கு வெளியே தசையும் உள்ளன. உட்சவ்வுக்கு இரத்தம் கொண்டு செல்லும் சிறு நாளங்கள் தசையைத் துளைத்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும். அவை நுழையும் இடங்களில் தசை சற்று வலிமை குன்றியிருக்கும். மிதிவண்டி டயரில் சிறு கிழிசல் இருந்தால், காற்றின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் டியூப் அதன் வழியே குமிழ் போலப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே உட்சவ்வும் தசையின் இடைவெளி வழியாக வெளியே பிதுங்கிச் சிறு பையாகிறது. இதற்கு டைவர்ட்டிகுலம் என்று பெயர். பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவே இருக்கும். சிக்மாய்டு என்பது பெருங்குடலின் குறுகலான, வளைந்த பகுதி. அங்கே அழுத்தம் மிகுதி. அப்பகுதி பெரும்பாலும் இடப்பக்க அடிவயிற்றில் கிடக்கிறது. ஆதலின் நோவும் அங்கே தோன்றுகிறது. மேலைநாடுகளில் முதியோர் பலருக்கு இத்தகைய பைகள் இப்பகுதியில் உண்டு. ஆசிய நாட்டு மக்களிடம் இவை பெருங்குடலின் வலப்பக்கத்திலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. பைகள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அவற்றால் எத்துன்பமும் நேர்வதில்லை.

எப்போதேனும் ஒரு பையில் அழற்சி உண்டாகிறது. அந்நிலையே டைவர்ட்டிகுலைட்டிஸ். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பை தசைக்கு வெளியே, கொழுப்பினுள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சுவரும் மிக மெல்லியது. ஆகவே அழற்சி குடலின் உட்பக்கம் திரும்புவதைவிட, அருகிலுள்ள கொழுப்பிலேயே விரைந்து பரவுகிறது. வீட்டின் கொல்லைப்புறத்தில் தீப்பற்றினால் புகை முதலில் தோட்டத்தில் அல்லவா பரவும்? இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், படத்தில் காண்பது எளிதில் விளங்கும்.

இனிப் படத்திற்கு வருவோம். சி.டி. கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர். 1971ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை அக்கருவியால் படம் எடுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டில் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர்களைப் பல திசைகளிலிருந்து உடலின் ஊடே செலுத்தி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கு ஓர் எண் தருவதே இக்கருவியின் முறை. தண்ணீருக்கு எண் 0. காற்றுக்கு −1000. கொழுப்புக்கு ஏறத்தாழ −100. தசைக்கு 50ஐ ஒட்டி இருக்கும். எண் குறையக் குறையப் படத்தில் கருமை மிகும். எனவே, நலமான வயிற்றில் கொழுப்பு ஒரே சீரான கரும் பரப்பாகவும், குடற்சுவர் அதன்மேல் வரைந்த வெளிர் கோடாகவும் தெரியும்.

அழற்சி வந்தால் அவ்விடத்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிகிறது. அந்நீர் கொழுப்பின் இடைவெளிகளில் ஊறுகிறது. −100 என்றிருந்த இடத்தில் 0ஐ நோக்கி எண் ஏறுகிறது. கருமை குன்றி மங்கலான வெண்ணிறம் படர்கிறது. நன்றாகத் துடைத்த கரும்பலகையையும், சுண்ணக்கட்டி எழுத்தை ஈரத்துணியால் அரைகுறையாகத் துடைத்த பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவதில் தெரியும் வெண்கீற்றுகளைப் போன்றதே கொழுப்பில் தெரியும் இழையோட்டம். ஆகவே, அறிக்கையில் ‘கொழுப்பு’ என்றது உடற்பருமனை அன்று. குடலைச் சூழ்ந்த கொழுப்பு கலங்கியிருப்பதையே குறித்தது. மெலிந்த உடலிலும் அத்தகைய கொழுப்பு சிறிதேனும் இருக்கும். மிக மெலிந்தவரிடம் அது குறைவாக இருப்பதால், இவ்வறிகுறியைக் காண்பதே அரிதாவதும் உண்டு. எழுத்துத் தெரிய வேண்டுமானால் பலகை வேண்டும் அல்லவா?

அடுத்தது சுவரின் தடிப்பு. நன்கு விரிந்திருக்கும் பெருங்குடலின் சுவர் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. நண்பரின் படத்தில் அது 7 மில்லிமீட்டர். ஆனால் இவ்வளவைத் தனியே நம்பலாகாது. குடல் சுருங்கிக் கிடக்கும்போது நலமான சுவரும் தடித்ததுபோல் தோன்றும். துணியை மடித்தால் தடிப்பாவது போல. புற்றுநோயிலும் சுவர் தடிக்கும். பின் எவ்வாறு வேறுபாடு அறிவது?

இங்கேதான் மருத்துவர் இரண்டு அறிகுறிகளையும் ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கிறார். சுவரின் தடிப்பு எவ்வளவு, கொழுப்பின் கலக்கம் எவ்வளவு என்று எடை போடுகிறார். டைவர்ட்டிகுலைட்டிஸில் அழற்சி வெளியே தொடங்குவதால், தடிப்பு ஓரளவே இருக்க, கலக்கம் அதற்கு மிஞ்சியதாக இருக்கும். புற்றுநோயோ உட்சவ்வில் தோன்றிச் சுவரை நிரப்பி வளர்வது. ஆதலின் அங்கே தடிப்பு மிகுதியாகவும், சுற்றியுள்ள கலக்கம் பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும். மேலும், புற்றுநோயில் தடித்த பகுதி பெரும்பாலும் குட்டையாகவும், அதன் விளிம்பு திடீரென்று முடிவதாகவும் தோன்றும். அருகே நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருக்கலாம். அழற்சியில் தடிப்பு நீண்டு சென்று மெல்ல மெல்லக் குறையும்.

நண்பரின் படத்தில் தடிப்பு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளத்திற்கு இருந்து, இரு முனைகளிலும் படிப்படியாகக் குறைந்தது. கணுக்கள் வீங்கவில்லை. குடலின் வெளியோரத்தில் காற்று நிறைந்த சிறு கரும் பைகள் பல தெரிந்தன. அவற்றுள் ஒன்றைச் சுற்றியே கலக்கம் மிகுதியாக இருந்தது. மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டி, “ஐயா, நெருப்பு மூண்ட இடம் இதுதான்” என்றார். நண்பரின் முகத்தில் அப்போதுதான் தெளிவு பிறந்தது.

பின்னர் மருத்துவர், படத்தில் எவை இல்லை என்பதையும் காட்டினார். குடலுக்கு வெளியே காற்றுக் குமிழ்கள் இல்லை. இருந்தால் பை துளைபட்டது என்று பொருள். சீழ்க்கட்டியும் இல்லை, இருந்தால் நடுவே நீரும் சுற்றிலும் ஒளிரும் வளையமுமாகத் தெரியும். சிறு சீழ்க்கட்டி பெரும்பாலும் மருந்திலேயே ஆறும். 3 அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் படத்தின் துணைகொண்டு, தோலின் வழியே குழாய் செலுத்தி வடிப்பார்கள். காற்றும் மலமும் வயிற்றறை முழுதும் பரவினால் உடனே அறுவை தேவைப்படும். நண்பருக்கு இவை எவையும் இல்லாமையால் அறுவை வேண்டியிருக்கவில்லை. சில நாள் நீராகாரமும், நோவு தணிக்கும் மருந்தும், ஓய்வும் போதுமாயின. சிக்கலற்ற இந்நோய்க்கு ஆன்ட்டிபயாட்டிக் மருந்து எல்லோருக்கும் தேவையில்லை என்று சுவீடனில் 2012இலும் நெதர்லாந்தில் 2017இலும் வெளியான ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நண்பர் நீரிழிவு உடையவராதலின் மருத்துவர் அதையும் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின்னும் மருத்துவர் ஒன்றை வற்புறுத்தினார். நோவு நீங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் கொலனாஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்றார். “புற்றுநோய் இல்லை என்றீர்களே, டாக்டர்!” என்றார் நண்பர். “பெரும்பாலும் இல்லை என்றே படம் சொல்கிறது. ஆனால் அழற்சியின் மறைவில் ஒரு சிறு கட்டி ஒளிந்திருந்தால் படம் அதைக் காட்டாமல் போகலாம். குழாய் செலுத்தி உட்சவ்வை நேரில் பார்த்தால்தான் ஐயம் தீரும். இப்போதே பார்க்கலாகாது, அழற்சியுற்ற குடலில் காற்றைச் செலுத்தி விரித்தால் அது துளைபடக்கூடும்” என்று மருத்துவர் விடையிறுத்தார். ஏழாம் வாரம் அச்சோதனை நடந்தது. பைகள் மட்டுமே தெரிந்தன, கட்டி இல்லை.

கொழுப்புக் கலங்கியிருந்தாலே இந்நோய்தான் என்றும் நீங்கள் கருதிவிடக் கூடாது. பெருங்குடலின் வெளிப்புறத்தில் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்கு ஒன்று முறுக்கிக்கொண்டாலும், அதே இடத்தில் நோவும் அதே போன்ற கலக்கமும் உண்டாகும். ஆனால் அங்கே குடற்சுவர் பெரும்பாலும் தடிப்பதில்லை. கலக்கத்தின் நடுவே முட்டை வடிவில் ஒரு கொழுப்புத் துணுக்கு, வெண் வளையம் சூழத் தெரியும். அது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். ஆகவே சுவரை மட்டும் பார்த்தாலும் போதாது, கொழுப்பை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டில் எது மிஞ்சியது, எந்த இடத்தை நடுவாகக் கொண்டது என்று பார்ப்பதே முறை.

வீட்டில் ஓய்வு கொள்ளும் நோயாளியின் உறவினர் அறிந்திருக்க வேண்டிய குறிகள் சில உண்டு. ஓரிடத்து நோவு வயிறு முழுதும் பரவினாலும், வயிறு பலகை போல் விறைத்தாலும், காய்ச்சல் இரண்டு மூன்று நாட்களில் தணியாமல் ஏறினாலும், வாந்தியால் நீரும் உள்ளே தங்காவிட்டாலும், முன்னர் எடுத்த படத்தை நம்பிக் காத்திருக்கலாகாது. அப்படம் எடுத்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். அன்று இல்லாத துளை மறுநாள் தோன்றலாம். அன்று இல்லாத சீழ் மூன்றாம் நாள் திரளலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.