அகதி என்பவர் யார்?

பூதப்பாண்டியில் பஸ் ஏறி நாகர்கோவில் சென்று, அங்கிருந்து இன்னும் சற்று தூரம் போனால் பழவிளை என்னும் ஊர் வரும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழருக்கென்று தமிழகமெங்கும் ஏற்பட்ட முகாம்களுள் ஒன்று அவ்வூரில் இருக்கிறது. சட்டப் பரீட்சையை முதன்முதலாக எழுதப்போகும் மாணவர்கள், அகதி என்பதன் இலக்கணத்தைத் தனியே மனனம் செய்வதைவிட, இம்மக்களின் சரித்திரத்தோடு சேர்த்துப் படித்தால் அது தெளிவாக விளங்கும்.

1951-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையின் முதலாவது ஷரத்து அந்த இலக்கணத்தை வகுக்கிறது. தம் தேசத்துக்கு வெளியே இருப்பவராய், துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சம் உடையவராய், அந்தத் துன்புறுத்தல் இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவில் அங்கம் வகித்தல், அரசியல் அபிப்பிராயம் ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றை முன்னிட்டதாய், அவ்வச்சத்தால் சொந்த அரசாங்கத்தின் பாதுகாப்பை நாட இயலாதவராகவோ விரும்பாதவராகவோ இருப்பவரே அகதி. 1951-க்கு முன் நிகழ்ந்த சம்பவங்களையே கருதிய இந்த வரையறையின் கால எல்லையை 1967-ஆம் ஆண்டின் பிற்சேர்க்கை ஒப்பந்தம் நீக்கியது.

கொழும்பில் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக வீடு கொளுத்தப்பட்டு, காவலர் பாராமுகமாய் நிற்கக் கண்டு, 1983-இல் தோணியேறி இராமேஸ்வரம் வந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் எல்லா அம்சங்களும் பொருந்துகின்றன. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சீர்குலைந்தபோது, அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போய்விட, தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களின் நிலை வேறு. அவர்களும் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள், அது மனிதாபிமானம். ஆனால் வறுமை மட்டுமே காரணமாயின், அது ஐந்து காரணங்களுள் அடங்காது. ஓர் இனத்தாருக்கு மட்டும் வேண்டுமென்றே உணவு மறுக்கப்பட்டிருந்தால் விடை மாறும். ஆகவே, எவ்வளவு துன்பம் என்பதோடு, எதன் பொருட்டு நேர்ந்த துன்பம் என்பதையும் பரீட்சையில் ஆராய வேண்டும்.

இனி, 33-ஆவது ஷரத்து. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அதே ஐந்து காரணங்களால் ஆபத்து நேரும் தேசத்தின் எல்லைக்கு, எவ்விதத்திலும் ஓர் அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் கட்டளை. நான்-ரிஃபூல்மென்ட் என்று பாடநூல்கள் வழங்குவது இதைத்தான். தேசத்தின் பாதுகாப்புக்கு அபாயமானவர் என்று கருதத் தக்க முகாந்திரம் உள்ளவரும், மிகக் கடுமையான குற்றத்துக்காக இறுதித் தீர்ப்புப் பெற்று, சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பவரும் இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது.

'எவ்விதத்திலும்' என்ற சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை 1992 காட்டியது. ராஜீவ் காந்தி 1991 மே மாதம் கொலையுண்ட பின், முகாம்களில் இருந்தவர்களை இலங்கைக்கு அனுப்பும் பணி மும்முரமாயிற்று. சுயவிருப்பத்தோடு செல்கிறார்கள் என்று அரசு கூறியது. புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையொப்பம் வாங்கப்பட்டது என்று முறையீடு எழுந்தது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். பின்னர், திரும்பிச் செல்வோரின் சம்மதம் உண்மையானதா என்று விசாரித்தறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் அனுமதிக்கப்பட்டது. உலக ஸ்தாபனம் ஒன்று அதனைப் பரிசீலிக்கும்போது தான் அதனுள் புகவேண்டியதில்லை என்று நீதிமன்றமும் கருதியது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் திருப்பி அனுப்புதல் என்பதில்லை. நிர்ப்பந்தத்தால் பெற்ற சம்மதமும் அவ்வகையே.

இந்தியா அந்த உடன்படிக்கையிலோ 1967 ஒப்பந்தத்திலோ ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கில்லை. ஆயினும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து பிரஜைக்கு மட்டுமன்றி ஒவ்வொரு மனிதருக்கும் உயிர்ப் பாதுகாப்பு அளிக்கிறது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களை அதைக் கொண்டே உச்ச நீதிமன்றம் காத்தது. ஆனால் 2021-இல் ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்ட ரோஹிங்கியர்களின் வழக்கில், நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை பிரஜைகளின் வாச உரிமையோடு இணைந்தது என்று கூறி, உரிய நடைமுறைப்படி அனுப்புவதைத் தடுக்க அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எனவே மாணவர்களே, திருப்பி அனுப்பாமை இந்தியாவில் செல்லுமா என்று வினா வந்தால், செல்லும் என்றோ செல்லாது என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். உடன்படிக்கை இந்தியாவைக் கட்டுப்படுத்தவில்லை என்பதை முதலில் எழுதி, 21-ஆவது ஷரத்தை அடுத்து வைத்து, 1996, 2021 தீர்ப்புகளை எதிரெதிரே நிறுத்தி, அதன்பின் உங்கள் முடிவைக் கூறுங்கள்.